இழுபறி விடைக்கு எத்தனை புள்ளி? நான்கு வழிகளும் நம் முடிவும்

டியூட்டர்கள் மூவருக்கும் வணக்கம்.

மொழியியல் அறிமுகப் பாடத்தின் இடைப்பருவத் தேர்வுத் தாள்கள் வந்துவிட்டன. பெரும்பாலான வினாக்களில் சிக்கல் இல்லை. நான்காவது வினாவில்தான் நீங்கள் மூவரும் வெவ்வேறு புள்ளி போட வாய்ப்பு அதிகம். அதனால் திருத்தத் தொடங்கும் முன்பே அந்த வினாவை மட்டும் எடுத்துக்கொண்டு, இழுபறியான விடைகளுக்கு எந்த வழியில் புள்ளி போடலாம் என்று ஒப்பிட்டு எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள்.

வினா இதுதான்: "கல், தங்கம், அகம் ஆகிய சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவை ஒரே ஒலியனா, மூன்று ஒலியன்களா? காரணம் கூறி விளக்குக." ஆறு புள்ளி.

விடைத்திட்டத்தில், அதாவது நாம் பேச்சில் ஸ்கீமா என்று சொல்வதில், ஆறு கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முதல் கூறு முடிவு: மூன்றும் ஒரே ஒலியன். இரண்டாவது, சொல்லின் முதலில் ஒலிப்பிலா ஒலியாக வருகிறது. மூன்றாவது, மூக்கொலியை அடுத்து ஒலிப்புடை ஒலியாக வருகிறது. நான்காவது, இரண்டு உயிர்களுக்கு இடையில் உரசொலியாக வருகிறது. ஐந்தாவது, ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை, அதாவது துணைநிலை வழக்கு. ஆறாவது, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்து ஒலித்தாலும் பொருள் மாறாது.

பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் ஸ்கீமாவைப் பார்த்து எழுதுவதில்லை. கீழே உள்ள நான்கு விடைகளும் மாதிரிக்காக நான் எழுதியவை. ஆனால் இந்த நான்கு வகையும் கட்டாயம் வரும். சற்று நிதானமாகப் படியுங்கள், பின்னால் வரும் எல்லாமே இவற்றை வைத்துத்தான்.

விடை அ: "கல்லுல க முதல் எழுத்தா வருது, அதனால அழுத்தமா சொல்றோம். தங்கத்துல ங் பக்கத்துல வர்றதால காந்தினு சொல்றப்ப வர்ற க மாதிரி இருக்கு. அகம் சொல்றப்ப லேசா ஹ மாதிரி கேக்குது. ஒன்னு வர்ற எடத்துல இன்னொன்னு வராது. அதனால மூனும் ஒன்னுதான்."

விடை ஆ: "இம்மூன்று ஒலிகளும் துணைநிலை வழக்கில் அமைந்துள்ளன. ஆகவே இவை ககர ஒலியனின் மாற்றொலிகள் ஆகும்."

விடை இ: "தொல்காப்பியர் எழுத்துகள் முப்பது என்றே கூறுகிறார். மூன்று ககரம் இருப்பதாகக் கூறவில்லை. ஆகவே இவை ஒரே ஒலியன். கல் என்பதில் சொல் முதலில் வல்லொலியாகவும், தங்கம் என்பதில் மெல்லினத்தை அடுத்து மென்மையாகவும், அகம் என்பதில் உயிர்களுக்கு நடுவில் உரசொலியாகவும் வரும்."

விடை ஈ: "தமிழ்ச் சொற்களில் இவை இடத்தைப் பொறுத்து மாறும்: சொல் முதலில் ஒலிப்பிலா ஒலி, மூக்கொலிக்குப் பின் ஒலிப்புடை ஒலி, உயிர்களுக்கு இடையே உரசொலி, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வராது. ஆனால் நாம் தினமும் சொல்லும் ஊர்ப்பெயர்களான கெப்போங், கோம்பாக் இரண்டிலும் சொல்லின் முதலிலேயே இரு ஒலிகளும் வருகின்றன. ஆகவே இவற்றை ஒரே ஒலியன் என்று சொல்ல முடியாது."

இனி வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி: ஒட்டுமொத்தமாகப் படித்துப் போடுவது

விடையை முழுதாகப் படித்து, "இந்தப் பிள்ளைக்கு விஷயம் புரிந்திருக்கிறதா" என்று பார்த்து ஆறுக்கு ஒரு எண் போடுவது. பழகிய ஆசிரியர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். நீண்ட கட்டுரைக்கு இது பொருந்தும். அங்கே ஓட்டமும் வாதத்தின் கட்டுக்கோப்பும்தான் அளக்க வேண்டியவை, அவற்றைத் துண்டு துண்டாக எண்ண முடியாது.

ஆறு புள்ளி வினாவில் இது தடுமாறும். விடை ஆ-வைப் பாருங்கள். இரண்டே வாக்கியம், ஆனால் கலைச்சொற்கள் துல்லியம், நடை நறுக்கென்று இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் எழுதியது என்ற எண்ணம் உடனே வந்துவிடும். நான்கு போடக் கை போகும். விடை அ-வின் பேச்சு நடையைப் பார்த்ததும் மூன்றுக்கு மேல் போக மனம் வராது. ஆனால் மூன்று ஒலிகளும் எப்படி ஒலிக்கின்றன என்று உண்மையில் விவரித்தவர் அ-தான். ஆ ஒரு சொல்லையாவது எடுத்து விளக்கவில்லை. இந்தத் தேர்வில் மொழிநடைக்குத் தனிப் புள்ளி கிடையாது. ஒட்டுமொத்த எண்ணத்தில் அது கேட்காமலே உள்ளே வந்துவிடுகிறது.

இன்னொன்று, ஒரே ஆள் திருத்தினாலும் வரிசை மாறினால் புள்ளி மாறும். வரிசையாக ஐந்து வெற்று விடைகளைப் படித்த பிறகு வரும் நடுத்தர விடை பிரமாதமாகத் தெரியும். நல்ல விடைகளுக்குப் பின் வந்தால் அதே விடை மங்கலாகத் தெரியும். திருத்துபவரின் நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எல்லாருக்கும் நடப்பது.

இது இன்று நேற்றுக் கண்டது இல்லை. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கிலத் தேர்வுத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். புள்ளிகள் தேறியவர், தேறாதவர் என்ற இரு பக்கமும் சிதறின. மொழிப் பாடம் என்பதால் அப்படி என்று சிலர் சொல்ல, அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் ஒரே தாளுக்கு நூற்றுக்கு முப்பதுக்குக் கீழும் விழுந்தது, தொண்ணூறுக்கு மேலும் விழுந்தது. சரி, தவறு என்று கறாராகச் சொல்லக்கூடிய பாடத்திலேயே இந்த நிலை. வழிமுறைக்கு எவ்வளவு, இறுதி விடைக்கு எவ்வளவு, சுத்தமாக எழுதாததற்கு எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்தால் வேறெப்படி இருக்கும்?

இரண்டாவது வழி: ஸ்கீமாவில் உள்ள சொல்லைத் தேடுவது

முதல் வழிக்கு நேர் எதிர். ஒரே ஒலியன், ஒலிப்பிலா, ஒலிப்புடை, உரசொலி, துணைநிலை வழக்கு, பொருள் மாறாது. இந்த ஆறு சொற்களில் எத்தனை இருக்கிறதோ அத்தனை புள்ளி. வேகமாக முடியும். மூவரும் திருத்தினாலும் ஒரே எண்தான் வரும். மேல்முறையீடு வந்தால் காட்டுவதற்கும் எளிது.

ஆனால் வரும் எண்களைப் பாருங்கள். விடை அ-வில் இந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லை, சுழியம். விடை ஆ-வில் துணைநிலை வழக்கு நேரடியாக இருக்கிறது, முடிவையும் ஏற்றுக்கொண்டால் இரண்டு. விடை இ-யில் ஒரே ஒலியனும் உரசொலியும் கிடைக்கும். வல்லொலி, மென்மை என்று எழுதியவை அடிபடும். ஆக இரண்டு. விடை ஈ-யில் ஒரு வேடிக்கையான விபரீதம் நடக்கும். "ஒரே ஒலியன் என்று சொல்ல முடியாது" என்ற வாக்கியத்தில் "ஒரே ஒலியன்" என்ற தொடர் இருக்கிறது. அவசரத்தில் சொல்லைத் தேடும் கண் அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டுப் போய்விடும்.

மூவரும் ஒரே எண்ணைப் போடுகிறோம் என்பதால் அந்த எண் சரி என்று ஆகிவிடாது. அ-வுக்கு மூவரும் சுழியம் போட்டால், மூவரும் சேர்ந்து ஒரே தவறைச் செய்கிறோம், அவ்வளவுதான். நம் மாணவர்களில் இது யாரை அடிக்கும் என்பதும் தெரியும். தமிழ்ப்பள்ளியில் படித்து ஆறாம் படிவம்வரை தமிழை எடுத்தவர்களுக்குக் கலைச்சொல் கையில் இருக்கும். தேசியப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஃபோனெம், அலோஃபோன் என்று மலாயில் கற்றதைத் தமிழ் எழுத்தில் எழுதுவார்கள், அல்லது அ-வைப் போலத் தெரிந்த சொல்லில் விளக்குவார்கள். வினா கலைச்சொல்லைக் கேட்கவில்லை. "காரணம் கூறி விளக்குக" என்றுதான் கேட்கிறது. கலைச்சொல்லைச் சோதிக்க வேறு வினா இருக்கிறது: முதல் பகுதியில் பத்துப் புள்ளிக்கு வரையறைகள். அங்கே சொல்லைத் தேடித் திருத்துவது முழுக்கச் சரி, அங்கே அப்படியே செய்யுங்கள்.

மூன்றாவது வழி: கூறு கூறாக, பொருளைப் பார்த்து, முடிவைப் பதிந்துகொண்டு

நாம் பின்பற்றப் போவது இதைத்தான். ஸ்கீமாவின் ஒவ்வொரு கூறையும் தனித்தனியாக எடுத்து, "இந்தக் கருத்து தாளில் இருக்கிறதா" என்று மட்டும் கேட்பது. எந்தச் சொல்லில் இருக்கிறது என்பது முக்கியம் இல்லை. மாணவர் மனத்தில் இருந்திருக்கும் என்பதும் கணக்கில் வராது. தாளில் இருக்க வேண்டும். ஐயம் வந்தால் போனால் போகட்டும் என்று கொடுக்கவும் கூடாது, வம்பு வேண்டாம் என்று வெட்டவும் கூடாது. முன்பே எழுதி வைத்த முடிவைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு முடிவு இல்லை என்றால் ஒன்றை எடுத்து எழுதி வைக்க வேண்டும்.

இந்த வழியின் பலம் முழுவதும் ஒரே கேள்வியில் இருக்கிறது: ஒரு கூறுக்குப் புள்ளி கிடைக்கக் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும்? நம் வினாவில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கூறுகளில் இரண்டு பாதிகள் இருக்கின்றன: ஒலி எப்படி இருக்கிறது, எந்த இடத்தில் வருகிறது. இரண்டும் வேண்டும். ஒலியின் தன்மையைக் கலைச்சொல்லால் சொல்லலாம், எடுத்துக்காட்டால் சொல்லலாம்; மற்ற இரண்டிலிருந்து பிரித்துக் காட்டினால் போதும். இடத்தைச் சொல்லாமல் சொல்லை மட்டும் திருப்பி எழுதினால் போதாது, ஏனென்றால் சொல் வினாவிலேயே இருக்கிறது.

இதை வைத்து விடை அ-வைத் திருத்துவோம். "மூனும் ஒன்னுதான்" என்பது வினாவுக்கு நேரான பதில், முதல் கூறு உண்டு. "முதல் எழுத்தா வருது, அழுத்தமா" என்பதில் இடமும் தன்மையும் இருக்கின்றன, இரண்டாவது உண்டு. "ங் பக்கத்துல, காந்தினு சொல்றப்ப வர்ற க" என்பது ஒலிப்புடை ஒலியைச் சரியாகக் காட்டும் எடுத்துக்காட்டு, மூன்றாவதும் உண்டு. நான்காவதில்தான் இடறுகிறார். "லேசா ஹ மாதிரி" என்று தன்மையைச் சொன்னவர், உயிர்களுக்கு நடுவில் என்ற இடத்தைச் சொல்லவில்லை. இல்லை. ஐந்தாவது அவருடைய சொல்லிலேயே தெளிவாக இருக்கிறது, உண்டு. பொருள் மாறாது என்பதைத் தொடவே இல்லை. ஆக நான்கு.

நான்காவது கூறுக்கு உங்களில் ஒருவராவது கொடுக்க நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றில் இரண்டைச் சரியாகச் சொன்னவருக்கு மூன்றாவது மட்டும் தெரியாமலா இருக்கும்? தெரிந்திருக்கலாம். ஆனால் அடுத்த தாளில் ஒருவர் மூன்றுக்கும் இடம் சொல்லாமல் தன்மையை மட்டும் எழுதியிருப்பார். அவருக்கு எங்கே நிறுத்துவீர்கள்? அ-வுக்கு ஊகித்துக் கொடுத்தால் அவருக்கும் ஊகித்துக் கொடுக்க வேண்டும்.

விடை ஆ: முதல் கூறு உண்டு. துணைநிலை வழக்கு என்ற சொல்லை இந்த மூன்று ஒலிகளுக்கும் பொருத்திச் சொல்லியிருப்பதால் ஐந்தாவதும் உண்டு. வரையறையை விரித்து எழுத வேண்டும் என்று நம் ஸ்கீமா கேட்கவில்லை. மற்ற நான்கும் தாளில் இல்லை. இரண்டு. படிக்கும்போது நன்றாக இருந்த விடைக்கு இரண்டு போடுவது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த மூன்று இடங்கள் என்று தெரியாமலே இந்த இரண்டு வாக்கியங்களையும் மனப்பாடமாக எழுதிவிட முடியும், அதனால் இரண்டு நியாயமானது.

விடை இ-யில்தான் ஸ்கீமா வாய் திறக்காமல் இருக்கிறது. முடிவு சரி, அதற்குச் சொன்ன காரணம் தவறு. எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒலியன் ஒன்றாகிவிடாது. எழுத்தும் ஒலியனும் வேறு வேறு என்பதுதான் இந்தப் பாடத்தின் மூன்றாவது வாரமே. முதல் கூறுக்குப் புள்ளி உண்டா? உண்டு என்று முடிவு செய்கிறேன். காரணத்துக்கு ஐந்தாவது, ஆறாவது என்று தனிக் கூறுகள் இருக்கின்றன. அவற்றை அவர் ஏற்கெனவே இழந்துவிட்டார். முடிவுக்கான புள்ளியையும் பிடுங்கினால் ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டிக்கிறோம். இரண்டாவது, நான்காவது கூறுகள் தெளிவு. மூன்றாவதில் "மென்மையாக" என்பது மழுப்பலான சொல்தான், ஆனால் நான்காவதுக்கு உரசொலி என்று தனியாகச் சொல்லியிருப்பதால் மூன்றும் பிரிந்து நிற்கின்றன, கொடுக்கலாம். ஒருவர் தங்கத்துக்கும் அகத்துக்கும் மென்மை என்றே எழுதி இடங்களை மட்டும் சரியாகச் சொன்னால், அந்த இரண்டு கூறுகளுக்கும் சேர்த்து ஒரு புள்ளி. ஆக இ-க்கும் நான்கு.

அ-வுக்கும் இ-க்கும் ஒரே புள்ளியா என்று உறுத்தும். வாதத்தின் உயிர்நாடியைப் பிடித்தவர் அ. இ அதைப் பிடிக்கவே இல்லை. உறுத்துவது நியாயம்தான். கவனித்ததைப் பட்டியலிட்டதற்கு மூன்று புள்ளியும், காரணத்துக்கு இரண்டும் என்று ஸ்கீமா பிரித்ததால் வந்த விளைவு இது. அடுத்த பருவத்தில் அந்தப் பங்கீட்டை மாற்றலாம், மாற்ற வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் திருத்தும்போது இ-யிடமிருந்து ஒன்றைக் குறைத்து அந்தக் குறையைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒருவர் குறைப்பார், மற்ற இருவர் குறைக்க மாட்டார்கள். இ யாருடைய கட்டில் விழுந்தார் என்பதைப் பொறுத்து அவர் புள்ளி மாறும்.

விடை ஈ ஸ்கீமா எதிர்பார்க்காத சரக்கு. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் இருக்கின்றன. முடிவு மட்டும் நம் முடிவுக்கு எதிர். ஆனால் அவர் சொல்வது பொருளற்றதும் இல்லை. கெப்போங்கின் முதல் ஒலி ஒலிப்பிலா ஒலி, கோம்பாக்கின் முதல் ஒலி ஒலிப்புடை ஒலி. கோலாலம்பூர்த் தமிழர் இரண்டையும் தடுமாறாமல் சொல்கிறார்கள். இரவல் சொற்கள் வந்த பிறகு சொல் முதலில் இந்த இரு ஒலிகளும் எதிர்நிற்கத் தொடங்கிவிட்டன என்பது மொழியியலில் கௌரவமான வாதம். வாதத்தில் ஓட்டையும் உண்டு: இரண்டு சொற்களிலும் அடுத்து வரும் உயிர் வேறு, அதனால் இது கச்சிதமான இணை இல்லை. வகுப்பறையைக் குறிக்கும் கிளாஸ், கண்ணாடிக் கிளாஸ் என்ற இரண்டையும் சொல்லியிருந்தால் வாதம் இறுகியிருக்கும். உரசொலியைப் பற்றியும் அவர் எதுவும் நிறுவவில்லை. ஆனாலும் முதலாண்டு மாணவரிடம் ஆறு புள்ளி வினாவில் அந்த அளவு கேட்க முடியாது.

இதற்கு என் முடிவு: தமிழ்ச் சொற்களில் இடத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதை ஏற்று, இரவல் சொற்களைக் காட்டி வேறு முடிவுக்கு வந்தவருக்கு முதல் கூறின் புள்ளி உண்டு. ஈ-க்கு ஐந்து. எந்த ஆதாரமும் இல்லாமல் "மூன்று ஒலியன்கள்" என்று எழுதியவருக்கு அது கிடையாது. இனி இது ஸ்கீமாவின் பகுதி. ஏற்கெனவே திருத்திய கட்டில் இப்படி ஒரு விடை இருந்தால் திரும்பப் போய் மாற்ற வேண்டும். அதனால்தான் இத்தகைய முடிவுகளை யாரும் தனியாக எடுக்க வேண்டாம், என்னிடம் அனுப்புங்கள் என்கிறேன்.

முன்னுக்குப் பின் முரணான விடைக்கும் ஒரு வார்த்தை. முதல் வரியில் ஒரே ஒலியன், கடைசி வரியில் மூன்று ஒலியன்கள் என்று இருந்தால், எது மாணவரின் முடிவு என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் கூறுக்குப் புள்ளி இல்லை. ஆனால் இழப்பு அதோடு நிற்கும்; மற்ற கூறுகளில் சரியாக எழுதியது சரிதான். ஒன்றை அடித்துவிட்டு மற்றதை எழுதியிருந்தால் அடிக்காததையே பாருங்கள்.

நான்காவது வழி: இருவர் திருத்திச் சராசரி எடுப்பது

ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியாகத் திருத்தி, வேறுபட்டால் நடு எண்ணைப் போடுவது. கவனக்குறைவுக்கு இது நல்ல மருந்து. பின்பக்கத்தில் தொடரும் விடையை ஒருவர் பார்க்காமல் விட்டால் மற்றவர் பிடித்துவிடுவார். ஆனால் நேரம் இருமடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல் சராசரியில் இருக்கிறது. விடை ஈ-க்கு ஒருவர் ஐந்தும், முடிவு தவறு என்று முழுவதையும் புறந்தள்ளிய இன்னொருவர் ஒன்றும் போட்டால், சராசரி மூன்று. அந்த மூன்றை இருவருமே சரி என்று நம்பவில்லை. ஏன் வேறுபட்டார்கள் என்ற கேள்வியும் சராசரிக்குள் மூடிக்கொள்கிறது. அடுத்த தாளில் அதே சண்டை மீண்டும் வரும்.

இதன் இன்னொரு வடிவத்தையும் தவிர்க்கச் சொல்கிறேன். மொத்தப் புள்ளி போட்ட பிறகு, தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர்களை மட்டும் எடுத்து மீண்டும் பார்ப்பது. தேர்ச்சி 40 என்றால் 38, 39 வாங்கியவர்களின் தாளில் எங்காவது ஒரு புள்ளி கிடைக்குமா என்று தேடுவோம், பெரும்பாலும் கிடைத்துவிடும். 40, 41 வாங்கியவர்களின் தாளை அப்படி யாரும் தேடுவதில்லை. அங்கேயும் தவறாகக் கொடுத்த புள்ளி இருக்கக்கூடும். மறுபார்வை செய்வதாக இருந்தால் கோட்டின் இரு பக்கமும் ஒரே அகலத்துக்கு, 38-இலிருந்து 41 வரை என்று எடுக்க வேண்டும். மொத்தம் எவ்வளவு என்று தெரியாதவர்தான் அதைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் நான் தாள்களைக் கலந்து தருகிறேன்.

அதனால் மூன்றாவது வழி. இருவர் திருத்துவதை முழுவதுக்கும் வைத்துக்கொள்ளாமல், ஒத்துப்போகிறோமா என்று சோதிக்கும் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எப்படிச் செய்யப் போகிறோம்

முதலில் எட்டுத் தாள்களின் நான்காம் வினாவை மட்டும் நகல் எடுத்துத் தருகிறேன். மூவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் திருத்துங்கள். தாளில் எதுவும் எழுத வேண்டாம். தனிக் காகிதத்தில் கூறு எண்ணையும் உண்டு, இல்லை என்பதையும் எழுதுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதினால் பயன் இல்லை. இருவரும் நான்கு போட்டிருப்பீர்கள், ஆனால் ஒருவர் நான்காவது கூறுக்கும் இன்னொருவர் ஆறாவதுக்கும் கொடுத்திருப்பீர்கள். மொத்தம் ஒத்துப்போவதால் வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடும். ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் கூறு கூறாகத்தான் பேசுவோம்.

அப்புறம் முடிவுப் பதிவு. வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பதில் வாங்கினால் இரண்டு நாளில் அது மேலே போய்ப் புதைந்துவிடும், அதனால் ஒரு கூகள் ஷீட் திறந்திருக்கிறேன். ஒரு முடிவுக்கு ஒரு வரி: எந்தக் கூறு, மாணவர் எழுதிய சொற்கள் அப்படியே, உண்டா இல்லையா, ஏன். எடுத்துக்காட்டுக்கு ஒரு வரி இப்படி இருக்கும்: "கூறு 4. 'அஹம் என்று ஒலிக்கும், ரெண்டு பக்கமும் உயிர் இருக்கு.' உண்டு. உரசொலி என்ற சொல் தேவையில்லை. தன்மையும் இடமும் இருக்கின்றன." மாணவரின் சொற்களை உங்கள் சொல்லில் சுருக்கி எழுதாதீர்கள். சுருக்கும்போது எது இழுபறியோ அதுதான் முதலில் காணாமல் போகும்.

திருத்தும்போது ஒரு மாணவரின் தாளை முதலிலிருந்து கடைசிவரை முடிக்காமல், எல்லாத் தாள்களிலும் நான்காம் வினாவை மட்டும் முடித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள். ஸ்கீமா மனத்தில் நிற்கும், முதல் பகுதியில் ஒருவர் வாங்கிய புள்ளி நான்காம் வினாவைத் தொடாது. முன்பக்கத்தை மடித்து வையுங்கள்; உங்கள் டியூட்டோரியல் வகுப்பில் நன்றாகப் பேசும் மாணவர் யார் என்று தெரிந்தால், அவர் எழுதாததையும் எழுதியதாகக் கண் படித்துவிடும். அரைப் புள்ளி வேண்டாம், ஸ்கீமாவில் அது இல்லை. முடிவெடுக்க முடியாமல் அரை போடத் தோன்றும் இடம்தான் பதிவில் வர வேண்டிய இடம்.

கடைசித் தாளை முடித்ததும் உங்கள் கட்டின் முதல் பத்துத் தாள்களை மீண்டும் எடுத்து, முன்பு போட்டதைப் பார்க்காமல் நான்காம் வினாவைத் திருத்துங்கள். முதல் முறை பென்சிலில் ஓரத்தில் போட்டு ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்து வைத்தால் இது எளிது. பத்தில் ஒன்று ஒரு புள்ளி மாறினால் அந்தத் தாளை மட்டும் சரிசெய்தால் போதும். மூன்று நான்கு தாள்கள் ஒரே பக்கமாக, எல்லாம் கூடி அல்லது எல்லாம் குறைந்து மாறினால், நடுவில் எங்கோ உங்கள் அளவுகோல் நகர்ந்திருக்கிறது. அப்படி இருந்தால் எந்தக் கூறு நகர்ந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கூறாகத்தான் இருக்கும், அந்தக் கூறை மட்டும் கட்டு முழுவதும் திரும்பப் பார்த்தால் போதும். என்னிடம் சொல்லுங்கள், மற்ற இருவரிடமும் அதே கூறைச் சோதித்துப் பார்ப்பேன்.

இன்னும் தீர்க்காத ஒன்று இருக்கிறது. ஆறாவது கூறு. "கல்லை கோம்பாக்கில் வரும் ஒலியால் தொடங்கினாலும் கல்தான், கேட்க மட்டும் ஒரு மாதிரி இருக்கும்" என்று எழுதினால் தெளிவாக உண்டு. ஆனால் "மூன்றுக்கும் பொருள் வேறுபாடு இல்லை" என்று மட்டும் எழுதினால்? கல், தங்கம், அகம் மூன்றும் வெவ்வேறு பொருள் உடைய சொற்கள். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்தால் தவறு. ஒலிகளைச் சொல்கிறார் என்று எடுத்தால் சரி. நான் "இல்லை" என்ற பக்கம் சாய்கிறேன், ஆனால் எட்டு நகல்களில் இரண்டில் இப்படி இருக்கிறது, நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கூட்டம் வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்கு, என் அறையில். நகல்களை நாளைக் காலை உங்கள் தபால் பெட்டியில் வைத்துவிடுகிறேன். கூறுவாரியாக எழுதிய காகிதத்தைக் கொண்டு வாருங்கள். அதுவரை உண்மையான கட்டில் நான்காம் வினாவைத் தொட வேண்டாம், முதல் பகுதியைத் தொடங்கலாம்.